மாடி பாத்ரூம் குழியில் சாக்கடை வாடை: தண்ணீர் எவ்வளவு வேகத்தில் குறைகிறது?

"அண்ணா, எங்க வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். மாடியில இருக்கற பாத்ரூம்ல மழை நின்னு காத்து அடிக்க ஆரம்பிச்சா சாக்கடை நாத்தம் தாங்க முடியல. பிள்ளைங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க, லீவுக்கு வந்தாத்தான் அந்த பாத்ரூம் புழங்குவோம். பினாயில் ஊத்துனா ரெண்டு நாள் நிக்குது, மறுபடி வருது. கீழ் பாத்ரூம்ல ஒண்ணும் இல்ல. ஒருத்தர் ஜாலியை மாத்துங்கறார், இன்னொருத்தர் டைல்ஸை உடைச்சு டிராப்பை மாத்தணுங்கறார். எதைச் செய்யறது?"

டைல்ஸை உடைக்க வேண்டாம். புது ஜாலியும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு, ஒரு டார்ச்சும் ஒரு பக்கெட் தண்ணீரும் எடுத்து மாடிக்குப் போங்கள்.

தரைக்குழியை மூடியிருக்கிற ஓட்டைத் தட்டான ஜாலியைத் தூக்கினால் கீழே இருப்பதைத்தான் பிளம்பர்கள் நாணி டிராப் என்கிறார்கள். சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு குழி. அதன் நடுவே ஒரு தடுப்பு மேலிருந்து இறங்கி வந்து தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும். ஊற்றுகிற தண்ணீர் தடுப்புக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் ஏறி, விளிம்பைத் தாண்டிக் குழாயில் விழும். ஊற்றுவதை நிறுத்தியதும் அந்த விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் தங்கிவிடும். செப்டிக் டேங்கிலிருந்தும் கழிவுக் குழாயிலிருந்தும் வருகிற வாயுவைத் தடுப்பது தங்கி நிற்கிற அந்தத் தண்ணீர் மட்டும்தான். தடுப்பின் கீழ்முனை தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறதோ அதுதான் வாட்டர் சீல். நல்ல டிராப்பில் இது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். தண்ணீர் தடுப்பின் முனைக்குக் கீழே இறங்கிவிட்டால் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். வாயு நேராக அறைக்குள் வரும்.

அதனால் உங்கள் கேள்விக்கு விடை வாடையில் இல்லை, அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதில் இருக்கிறது. அரை பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வழிந்து ஓடி அடங்கியதும் ஈர்க்குச்சியை அடி தொடும்வரை நேராக விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் நிறைமட்டம். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை அதே குச்சியை அதே இடத்தில் விட்டுப் பாருங்கள். அளக்கும் நாட்களில் அந்த பாத்ரூமில் வேறு தண்ணீர் புழங்கக் கூடாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மறுநாள் மட்டம் அப்படியே இருக்கும், வாரக்கணக்கில்தான் மெல்ல இறங்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, வேறொன்றும் இல்லை. நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று ஈரமே இல்லாத வறண்ட காற்று. கொழிஞ்சாம்பாறை இருக்கிற நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் முழுக்க அதன் வழியில்தான் இருக்கிறது. துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று உங்களுக்கே தெரியும். வென்டிலேட்டர் திறந்து கிடக்கிற மாடி பாத்ரூமில் டிராப் தண்ணீரும் அப்படித்தான் போகும். மழைக்காலம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற தண்ணீர் இந்த மாதங்களில் மூன்று நான்கு வாரத்தில் தடுப்பின் முனைக்குக் கீழே போய்விடலாம். டிராப்பே ஆழமில்லாத மட்டமான சரக்கு என்றால் இன்னும் சீக்கிரம். கீழ் பாத்ரூமில் தினமும் குளிக்கிறீர்கள், தண்ணீர் தினமும் நிரம்புகிறது, அதனால் அங்கே வாடை இல்லை. பினாயிலை ஊற்றினால் இரண்டு நாள் நிற்கிறது என்றீர்களே, அதில் பினாயிலின் வாசனை வாடையை அமுக்குவது ஒரு பங்கு. அதோடு கலந்து ஊற்றிய தண்ணீர் குழியில் கொஞ்சமாவது நிற்பது இன்னொரு பங்கு. ஒரு மூடி பினாயிலை அரை மக் தண்ணீரில் கலந்து தரையெங்கும் தெளித்தால் குழிக்குள் போய்ச் சேர்வது கொஞ்சம்தான், அது சீக்கிரம் வற்றிவிடும்.

இதற்கு வைத்தியம் வாரம் ஒரு பெரிய மக் தண்ணீர். அவ்வளவே. பினாயில் கலக்க வேண்டியதில்லை, வெறும் தண்ணீர் போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் அதை மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். கதவும் ஜன்னலும் சாத்திக் கிடக்கிற அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். டிராப் வற்றியிருந்தால் அது குழாய் வழியாகத்தான் வரும். ஃபேன் போட்டால் வாடை கூடுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு வாராவாரம் மக் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. அவர்கள் டிராப்பை நிறைய நிரப்பிவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற லிக்விட் பாரஃபினை இரண்டு மூன்று ஸ்பூன் மேலே ஊற்றினால் போதும். அது தண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி ஆவியாவதை நன்றாகக் குறைக்கும். தேங்காய் எண்ணெயை ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். மார்கழி இரவில் அது உறைந்துபோகும், நாளாக ஆகச் சிக்கு வாடையும் அடிக்கும். பாரஃபினுக்கு அந்தக் குறைகள் இல்லை. ஆனால் திரும்பி வந்து முதல் பக்கெட் ஊற்றியதுமே படலம் அடித்துக்கொண்டு போய்விடும், அடுத்தமுறை மறுபடி ஊற்ற வேண்டும். பூட்டிவிட்டுப் போகும்போது கமோடு மூடியையும் போட்டுவிடுங்கள். கமோடுக்குள் நிற்பதும் இதே மாதிரி வாட்டர் சீல்தான், அதுவும் காயும். வாஷ் பேசினுக்கு அடியில் இருக்கிற பாட்டில் டிராப்பும் அப்படியே.

சரி, குச்சியை விட்டுப் பார்த்தபோது ஒரு மணி நேரத்திலேயே, அல்லது மறுநாளுக்குள், மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் அது காற்றின் வேலை இல்லை. அங்கே இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, குழிக்குள் முடியும் நூலும் சிக்கி, ஒரு முனை தண்ணீரிலும் மறுமுனை விளிம்பைத் தாண்டிக் குழாய்ப் பக்கமும் தொங்குவது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த முடிக்கற்றை தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இழுத்து அந்தப் பக்கம் விட்டுவிடும். பெண்பிள்ளைகள் தலைகுளிக்கிற பாத்ரூமில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து விட்டு இழுத்தால் கற்றையாக வந்துவிடும். எடுத்தபிறகு மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கினால் இரண்டாவது காரணம்தான். டிராப்பில் விரிசல், அல்லது டிராப்பின் மேல் உயரத்துக்காக வைத்த துண்டுக் குழாயின் இணைப்பில் கசிவு. மாடி என்பதால் அதற்குச் சாட்சி கீழே இருக்கும்: நேர் கீழ் அறையின் சீலிங்கில் ஈரத் திட்டோ, பெயின்ட் உப்பலோ தெரியும். டைல்ஸை உடைக்க நியாயம் இருப்பது இந்த ஒரு நிலைமையில்தான். அதுவும் குச்சியால் அளந்து உறுதி செய்துகொண்ட பிறகு.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மட்டம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும், ஆனால் கமோடில் ஃபிளஷ் செய்த மறுநொடி குழியில் கொளக் கொளக்கென்று சத்தம் வந்து, தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். குழாய்க்குள் நிறையத் தண்ணீர் ஒரே வேகத்தில் கீழே பாயும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்ப மேலிருந்து காற்று வர வேண்டும். அதற்காகத்தான் கழிவுக் குழாயை மொட்டை மாடிக்கு மேல்வரை நீட்டி, வாயைத் திறந்து விடுகிறார்கள். அதுதான் ஏர் பைப். அது அடைந்திருந்தால், காற்றுக்குப் பதில் டிராப் தண்ணீரையே குழாய் உறிஞ்சிக்கொள்ளும்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டுக்கு இதற்காகப் போயிருந்தேன். மேல்மாடியில் ஒரு பாத்ரூம். தினமும் புழங்குவது, ஆனாலும் வாடை. முன்பு வந்தவர்கள் ஜாலியை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். ஜாலியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சுத்தம், டிராப்பும் நல்ல டிராப். நிரப்பி அளந்தபோது தடுப்பு 45 மில்லிமீட்டர் மூழ்கியிருந்தது. அரை மணி நேரம் கழித்தும் அதே 45. பிறகு கமோடில் ஒரு ஃபிளஷ் விட்டதும் கொளக்கென்ற சத்தம். குச்சியை விட்டால் 20. இன்னொரு ஃபிளஷ், 8. மூன்றாவதில் தடுப்பின் முனையே வெளியே தெரிந்தது. அந்த வீட்டம்மா அப்போதுதான் சொன்னார்: "காலையில எல்லாரும் போனதுக்கப்புறந்தாங்க நாத்தம் ஜாஸ்தி. குளிச்சு முடிச்சா போயிரும்." குளிக்கும்போது டிராப் நிரம்புகிறது, அடுத்தடுத்த ஃபிளஷில் காலியாகிறது, கணக்கு சரியாக வந்தது.

மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம். சோலார் ஹீட்டர் வைத்தபோது இடைஞ்சலாக இருந்த ஏர் பைப்பைக் கைப்பிடிச் சுவர் உயரத்துக்கு அறுத்து, கொசு வருகிறதென்று வாயைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்த பகுதியை அறுத்து எடுத்து, கப்ளிங் போட்டு மறுபடி உயர்த்தி, மேலே வலை வைத்த மூடி மாட்டினோம். கொசுவுக்கு அந்த வலை போதும். கீழே வந்து நிரப்பி, மூன்று ஃபிளஷ் விட்டு அளந்தால் 42. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறி இறங்குவது சகஜம். வாடையும் நின்றது. ஜாலியை எத்தனை மாற்றினாலும் இது தீர்ந்திருக்காது. பலத்த காற்று அடிக்கும்போதும் ஏர் பைப்பின் வாய்க்கு மேல் காற்று வெட்டி வெட்டி ஓடி, கீழே டிராப் தண்ணீரை லேசாக ஆட்டும். ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பைத் தாண்டிப் போய்விடும். ஆழமில்லாத டிராப் இருக்கிற வீடுகளில் காற்று மாதங்களில் வாடை வர இதுவும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று, மட்டம் எதிலும் குறையவே இல்லை, ஆனால் வாடை இருக்கிறது. அப்போது வாடை பெரும்பாலும் செப்டிக் டேங்கிலிருந்து வருவதில்லை, உங்கள் ஜாலியிலிருந்தே வருகிறது. ஜாலியைக் கழற்றித் திருப்பி, வெளியே வெயிலில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். சோப்பும் உடம்பு எண்ணெயும் முடியும் சேர்ந்து கறுப்பும் சாம்பலுமாக ஒரு வழுவழுப்புப் படிந்திருக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே டிராப்பின் சுவரிலும் அதே படிவு இருக்கும். அதில் வாழ்கிற பாக்டீரியாதான் வாடையைக் கிளப்புகிறது, எவ்வளவு தண்ணீர் நிரப்பினாலும் அது மேலேயே உட்கார்ந்திருக்கும். செப்டிக் வாடை அழுகிய முட்டை மாதிரி தூக்கி அடிக்கும். இது புளித்த, ஊசிப்போன வாடை. சந்தேகமாக இருந்தால் ராத்திரி படுக்கப்போகும்போது குழியின் மேல் ஒரு பாலிதீன் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு, ஜாலியை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் வாடை இல்லையென்றால் குற்றவாளி அந்தக் குழிதான். அப்போதும் இருந்தால் கமோடு தரையில் உட்கார்கிற இடத்தையும், பேசின் கழிவுக் குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையையும் பாருங்கள். பேசினின் நெளிவுக் குழாயைத் தரைக்குள் சும்மா சொருகி விட்டிருப்பார்கள், சுற்றியுள்ள இடைவெளி வழியாக வாயு வந்துகொண்டே இருக்கும்.

சுத்தம் செய்வது சிரமமில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஜாலியை எடுத்து, உள்ளே கழற்றுகிற மாதிரிக் கிண்ணம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முடியைக் கொக்கியால் வாரி எடுத்துக் குப்பையில் போடுங்கள், குழாய்க்குள் தள்ளாதீர்கள். பாத்திரம் கழுவுகிற சோப்பை ஊற்றி, பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் சுவரைச் சுற்றித் தேயுங்கள். ஜாலி உட்காரும் சட்டத்தின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம், அழுக்கு பாதி அங்கேதான் ஒட்டியிருக்கும். கை பொறுக்கிற சூட்டில் ஒரு பக்கெட் வெந்நீர் ஊற்றி அலசுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி குழாய் இளகும், இணைப்பும் விட்டுப்போகும். கடைசியாக ஒரு ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடரை அரை பக்கெட் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும். அளவுக்கு மீறி அள்ளிப் போட்டால் செப்டிக் டேங்கில் கழிவை மட்க வைக்கிற பாக்டீரியாவுக்கும் கேடு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். கமோடு கழுவுகிற ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில் ஒரே குழியில் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது நெஞ்சை அடைத்துவிடும். ஆசிட் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. முடியையும் எண்ணெய்ப் படிவையும் அது கரைக்காது, டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமென்ட்டைத்தான் தின்னும்.

இனி ஜாலிக்கு வருவோம். உங்களிடம் மாற்றச் சொன்னவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை, ஆனால் எந்த ஜாலி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண ஓட்டை ஜாலி முடியைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. கரப்பான் ஜாலி என்று கடையில் கொடுப்பதில் அடியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அதுவும் ஒரு வாட்டர் சீல்தான், ஆனால் ஆழம் அரை அங்குலம்கூடத் தேறாது. நம் பக்கத்துக் காற்றில் அது சில நாளிலேயே காய்ந்துவிடும். தண்ணீர் மெதுவாக இறங்குகிறதென்று அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. பழைய வீடுகளில் கீழே டிராப்பே வைக்காமல் குழாயை நேராக இறக்கியிருந்தால் அந்தக் கிண்ணம் ஒன்றுதான் தடுப்பு, அதை எறிந்த அன்றே வாடை ஆரம்பித்துவிடும். ஆகவே எறிவதற்கு முன் டார்ச் அடித்துக் கீழே தண்ணீர் பளபளக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் மாதிரி எப்போதாவது புழங்குகிற பாத்ரூமுக்கு சிலிகான் வால்வு பொருத்தமாக இருக்கும். ஜாலிக்கு அடியில் சொருகுகிற ரப்பர் குழல் அது. தண்ணீர் விழுந்தால் நாக்கு விரியும், நின்றதும் ஒட்டிக்கொள்ளும். வாங்குமுன் குழியின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள், அரைகுறையாகப் பொருந்தினால் சுற்றுவட்டத்து இடைவெளியில் வாயு வரும். நாக்கில் ஒரு முடி சிக்கினாலும் மூடாது என்பதால் மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். இது வாட்டர் சீலுக்குத் துணைதான், அதற்குப் பதிலாக வைப்பதில்லை. வால்வு தண்ணீர் காய்வதைத் தாமதப்படுத்தும், காய்ந்த பிறகு ஓரளவு தாங்கும், அவ்வளவுதான் அதனால் முடியும். பூட்டிக் கிடக்கிற நாட்களுக்கு ரப்பர் வளையம் வைத்த ஓட்டையில்லாத மூடி இன்னும் நல்லது. ஆனால் குளிக்கும்முன் அதை எடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஹாலுக்கு வந்துவிடும்.

பின்னால் எப்போதாவது அந்த பாத்ரூமில் வேலை வைத்தால் பிளம்பரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். 50 மில்லிமீட்டர் சீல் இருக்கிற ஆழமான டிராப்தான் வேண்டும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி மட்டம் நிற்கிறதா என்று காட்ட வேண்டும். அதோடு வாஷ் பேசினின் கழிவுக் குழாயை அதே டிராப்பின் பக்கவாட்டு வாயில் இணைக்கச் சொல்லுங்கள். யாராவது கை கழுவினாலே குழி நிரம்பிக்கொள்ளும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது ஈர்க்குச்சி அளவுதான். இன்று நிரப்பிக் கோடு போட்டுவிட்டு, மறுநாள் மட்டமும் ஒரு ஃபிளஷுக்குப் பிறகு உள்ள மட்டமும் என்னவென்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.